தீபாவளி விடுமுறை அறிவிப்பு எழுதுவது எப்படி: கடைசி ஆர்டர் நாள், தாமதம், மறுதிறப்பு (முழுமையான வழிகாட்டி)

போன வருஷம் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு மூன்று வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரு வரி அனுப்பிவிட்டேன்: “தீபாவளி ஆர்டர்கள் அக்டோபர் 17 வரை ஏற்கப்படும்.” அறிவிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மாவு அரைக்கப் போய்விட்டேன்.

17ஆம் தேதி இரவு 11.40க்கு ஜூரோங்கிலிருந்து ஒரு பெண் இரண்டு டின் முறுக்குக்குப் பேநவ்வில் பணம் போட்டார். நானும் நன்றி சொல்லிச் சனிக்கிழமை காலையில் கூரியரிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பார்சல் கொண்டுபோவதில்லை, திங்கட்கிழமை அரசு விடுமுறை. முறுக்கு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தது. அன்று மாலை அவர் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது: “அக்கா, ஆர்டர் எடுத்துக்கிட்டீங்களே, அப்போ தீபாவளிக்கு வந்துடும்னுதானே நினைப்பேன்?”

அவர் நினைத்ததில் தவறே இல்லை. ஆர்டர் எதுவரை எடுப்பேன் என்று சொன்ன நான், பொருள் எப்போது கைக்கு வரும் என்று சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அவர் மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போனதைத் திருப்ப முடியவில்லை. அதன் பிறகு அறிவிப்பை நான் எழுதும் முறையே மாறிவிட்டது. இந்த வருஷத் தேதிகளை வைத்து அந்த முறையை இங்கே முழுதாகச் சொல்கிறேன். என் தொழில் வீவக வீட்டிலிருந்து முறுக்கு விற்பது. விளக்கு, சேலை, மசாலாப்பொடி என்று எதைப் பார்சலில் அனுப்பினாலும் கணக்கு இதேதான்.

முதலில் நாள்காட்டி

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் அரசு விடுமுறை ஞாயிறன்று வந்தால் மறுநாள் திங்களும் விடுமுறை. ஆக 8, 9 இரண்டு நாளும் பார்சல் நகராது. அதற்கு முந்தைய சனிக்கிழமையைக் கூரியர் வேலைநாளாகக் கணக்கில் எடுக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உங்கள் கூரியரிடமே கேட்டுவிடுங்கள். நான் எடுப்பதில்லை. சனிக்கிழமை வந்தால் அது கூடுதல் லாபம், அவ்வளவுதான்.

கைக்கு வரவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாம் பெரும்பாலும் எத்தனை நாள் வேலை செய்ய முடியும் என்று யோசித்துக் கடைசி ஆர்டர் தேதியை முடிவு செய்கிறோம். அங்கேதான் சறுக்குகிறது. வாடிக்கையாளர் கையில் பொருள் இருக்கவேண்டிய நாளை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னால் வரவேண்டும்.

அந்த நாள் எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். வீட்டில் சாப்பிட வாங்குபவருக்குச் சனிக்கிழமை, அதாவது 7ஆம் தேதி இருந்தால் போதும். ஆனால் என் ஆர்டர்களில் பெரும் பங்கு அலுவலகத்துக்குப் போகிறது. சீன, மலாய் நண்பர்களுக்கும் மேலாளருக்கும் ஆளுக்கொரு டின் கொடுப்பார்கள். தீபாவளி ஞாயிறன்று வருவதால் அவர்களுக்குக் கடைசி வேலைநாள் 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் பார்சல் வீட்டு வாசலுக்கு வந்தால் அவர்களுக்குப் பயனே இல்லை. அதனால் அலுவலக ஆர்டருக்கு நான் வைத்துக்கொள்ளும் நாள் 4ஆம் தேதி புதன்கிழமை.

இனி பின்னோக்கி வருவோம். என் கூரியர் சாதாரணமாக மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். பண்டிகை நேரத்தில் மூன்று வேலைநாள் என்று எண்ணுகிறேன். வீட்டு ஆர்டர் 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை சேரவேண்டுமென்றால் 3ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கிளம்பவேண்டும். அலுவலக ஆர்டர் 4ஆம் தேதி சேர, அக்டோபர் 30 வெள்ளிக்கிழமையே கிளம்பவேண்டும். இடையில் சனி ஞாயிறு வருகிறது, பாருங்கள்.

கிளம்பும் நாளுக்கு முன்னால் பொரிக்கும் நாள், ஆறவிடும் நேரம். முறுக்கைச் சூடு இருக்கும்போதே டின்னில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். இரண்டு நாளில் முறுக்கு நமத்துவிடும், வாடிக்கையாளர் அதைப் பழைய சரக்கு என்று நினைப்பார். மாலையில் பொரித்ததை இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில்தான் அடைக்கிறேன். ஆகவே பொரித்த நாளே அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எத்தனை முடியும் என்று எண்ணிவிட்டுத் தேதி போடுங்கள்

இரண்டு அடுப்பில் என் மாமியாரும் நானும் ஒரு நாளைக்கு 8 கிலோ பொரிப்போம். அரைக் கிலோ டின்னில் 16 டின். ஆள் சேர்த்துக்கொண்டு இரட்டிப்பாக்கலாமே என்று கேட்பார்கள். வீவக வீட்டில் தொழில் செய்பவர்கள் அந்த வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. ஆகவே என் எல்லை இந்த 16தான்.

அக்டோபர் 19 திங்கட்கிழமை தொடங்கி நவம்பர் 2 திங்கட்கிழமை முடிய, ஞாயிறுகளை விட்டால் 13 நாள். ஒரு நாள் யாருக்காவது காய்ச்சல், ஒரு சுற்று எண்ணெய் குடித்துவிட்டது என்று போகும். அந்த ஒரு நாளைக் கழித்தால் 12 நாள், 192 டின். நான் 190 என்று அறிவிக்கிறேன். 19ஆம் தேதி பொரித்தது தீபாவளி வரை தாங்குமா என்றால், நன்றாக ஆறவைத்து இறுக்கி மூடிய முறுக்கு தாங்கும். அதிரசத்துக்கு இந்தக் கணக்கே கிடையாது. வெல்லப்பாகும் எண்ணெயும் சேர்ந்தது அது, கூரியர் வண்டிச் சூட்டில் கசிந்து அட்டைப்பெட்டியை நனைத்துவிடும். அதனால் அதை வெள்ளிக்கிழமை காலையில் சுட்டு, நேரில் வந்து எடுப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன்.

நேரில் எடுப்பவர்களுக்காக நவம்பர் 3, 4 இரண்டு நாளும் பொரிக்கிறேன், அது 30 டின். 5ஆம் தேதி வியாழக்கிழமையை வேண்டுமென்றே காலியாக வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மாவு, டின் வாங்க இரண்டு நாள், பொரிக்க வரிசை, அனுப்புதல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கடைசி ஆர்டர் நாள்கள் இப்படி விழுகின்றன: அலுவலகத்துக்கு அக்டோபர் 24 சனிக்கிழமை, வீட்டுக்குப் பார்சல் அக்டோபர் 28 புதன்கிழமை, நேரில் எடுக்க அக்டோபர் 31 சனிக்கிழமை. போன வருஷம் நான் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு வரை ஆர்டர் எடுத்தேன். இந்த வருஷம் பார்சலுக்குப் பதினொரு நாள் முன்பே நிறுத்துகிறேன். சில ஆர்டர் கைநழுவும், அது பரவாயில்லை.

சொற்களில் இருக்கும் குழி

தேதி சரியாக இருந்தும் வாசகர் வேறுமாதிரிப் புரிந்துகொள்ள முடியும். நான் இடறிய சொற்களைச் சொல்கிறேன்.

“நவம்பர் 7 முதல் 10 வரை விடுமுறை” என்றால் 10ஆம் தேதி திறந்திருக்குமா, மூடியிருக்குமா? பாதிப் பேர் ஒருவிதமாகவும் மீதிப் பேர் வேறுவிதமாகவும் படிப்பார்கள். “வரை”யை எழுதினாலும் கூடவே திறக்கும் நாளைத் தனியாக எழுதிவிடுங்கள்: “நவம்பர் 11 புதன்கிழமை காலை 10 மணிக்கு மீண்டும் ஆர்டர் எடுப்போம்.” இந்த வரியில் சந்தேகத்துக்கு வழியில்லை.

“நள்ளிரவு 12 மணி வரை” என்பதும் அப்படித்தான். 28ஆம் தேதி நள்ளிரவு என்றால் 27 முடிகிற நேரமா, 28 முடிகிற நேரமா? இரவு 9 மணி என்று போடுங்கள். அந்த நேரத்துக்குள் ஆர்டர் சொன்னால் போதுமா, பணமும் வந்துசேர வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். “எனக்கு ரெண்டு டின் எடுத்து வைங்க” என்று சொல்லிவிட்டு மூன்று நாள் கழித்துப் பணம் அனுப்புபவர்கள் நம் நெருங்கிய வாடிக்கையாளர்கள்தான். அவர்களை வருத்தப்பட வைக்காமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு குழி. இங்கே வெள்ளி என்றால் கிழமையும்தான், காசும்தான். “கடைசி நாள் வெள்ளி 30” என்று நான் ஒருமுறை எழுதியதை ஒருவர் 30 வெள்ளி என்று படித்து, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று கேட்டார். அவசரமாகப் போனில் படிக்கும் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். வெள்ளிக்கிழமை என்று முழுதாக எழுதுங்கள். மற்றக் கிழமைகளையும் முழுதாக எழுதினால் பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். தேதியோடு கிழமையைச் சேர்ப்பதில் இன்னொரு நன்மை உண்டு: இரண்டும் பொருந்தவில்லை என்றால் தட்டச்சுப் பிழை உடனே கண்ணில் படும்.

கடைசியாக “அனுப்பப்படும்”, “கிடைக்கும்”. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் இருக்கிறது. “நவம்பர் 3 அனுப்பப்படும்” என்று மட்டும் எழுதினால் 3ஆம் தேதியே வாசலில் எதிர்பார்ப்பார்கள். இரண்டையும் எழுதுங்கள். “தாமதம் ஏற்படலாம்” என்ற வரியை நான் விட்டுவிட்டேன். எத்தனை நாள் என்று சொல்லாத தாமதத்தை வைத்து யாரும் எதையும் திட்டமிட முடியாது.

அறிவிப்பின் முழு வடிவம்

இந்த வருஷம் நான் அனுப்பப்போவது இது. பெயரையும் பொருளையும் மாற்றி நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

> தீபாவளி 2026: கடைசி ஆர்டர் நாள்களும் விடுமுறையும்
>
> அலுவலகத்தில் கொடுக்க: அக்டோபர் 24 சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் ஆர்டரும் பணமும் வரவேண்டும். அக்டோபர் 30 வெள்ளிக்கிழமை அனுப்புவோம். நவம்பர் 4 புதன்கிழமை இரவுக்கு முன் கிடைக்கும்.
>
> வீட்டுக்குப் பார்சல்: அக்டோபர் 28 புதன்கிழமை இரவு 9 மணிக்குள். நவம்பர் 3 செவ்வாய்க்கிழமை அனுப்புவோம். நவம்பர் 6 வெள்ளிக்கிழமை இரவுக்கு முன் கிடைக்கும்.
>
> நேரில் எடுக்க (அதிரசம் இதில் மட்டும்): அக்டோபர் 31 சனிக்கிழமை இரவு 9 மணிக்குள். நவம்பர் 6 வெள்ளிக்கிழமை மாலை 6 முதல் 9 மணி, அல்லது நவம்பர் 7 சனிக்கிழமை காலை 10 முதல் மதியம் 2 மணி, எங்கள் புளோக் கீழ்த்தளத்தில்.
>
> பார்சலுக்கு 190 டின், நேரில் எடுக்க 30 டின். நிறைந்துவிட்டால் தேதிக்கு முன்பே நிறுத்துவோம்.
>
> விடுமுறை: நவம்பர் 7 சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மூடுகிறோம். நவம்பர் 11 புதன்கிழமை காலை 10 மணிக்குத் திறக்கிறோம்.
>
> அக்டோபர் 28 இரவு 9 மணிக்குப் பிறகு வரும் பார்சல் ஆர்டர்கள் தீபாவளிக்குக் கிடைக்காது. அவை வந்த வரிசைப்படி நவம்பர் 12 வியாழக்கிழமையிலிருந்து கிளம்பும். கடைசிப் பார்சல் நவம்பர் 16 திங்கட்கிழமை கிளம்பி, 19 வியாழக்கிழமை இரவுக்கு முன் கிடைக்கும்.

“தீபாவளிக்குக் கிடைக்காது” என்று எழுதக் கை வரவில்லை எனக்கு. விற்பவருக்கு அது கசக்கிற வாக்கியம். ஆனால் போன வருஷம் ஜூரோங் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்கவேண்டியது சரியாக அந்த ஒரு வாக்கியம்தான். அதைப் படித்திருந்தால் அவர் தேக்காவுக்குப் போய் வாங்கிக்கொண்டிருப்பார்.

ஆங்கிலத்திலும் ஒரு படம் செய்யுங்கள். வாங்குவது அம்மாவாக இருந்தாலும் வாட்ஸ்அப்பைப் பார்த்து ஆர்டர் போடுவது பல வீடுகளில் பிள்ளைகள்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளை வேறொருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. படத்தில் 2026 என்று வருஷத்தைப் பெரிதாகப் போடுவதும் முக்கியம். போன வருஷப் படம் எங்கோ ஒரு குடும்பக் குழுவில் இருக்கும், யாராவது அதைத் திரும்ப அனுப்புவார்கள்.

எப்போது, எங்கே போடுவது

மூன்று முறை போடுகிறேன். முதல்முறை அக்டோபர் 10 வாக்கில், சம்பளத்தையும் செலவையும் பார்த்துத் திட்டமிடுபவர்களுக்காக. இரண்டாவது அக்டோபர் 21, அலுவலக ஆர்டர் முடிய மூன்று நாள் முன்பு. மூன்றாவது அக்டோபர் 27, பார்சல் முடிவதற்கு முதல் நாள். மூன்றிலும் அதே சொற்கள், அதே படம். ஒவ்வொரு முறையும் வார்த்தையை மாற்றினால் தேதி மாறிவிட்டதோ என்று கேட்டு எழுதுவார்கள்.

தேதி உண்மையிலேயே மாறினால், அல்லது 190 டின் முன்பே நிறைந்துவிட்டால், பழைய படத்தை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டுப் புதியதன் தலைப்பிலேயே “மாற்றப்பட்டது, அக்டோபர் 22” என்று போடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பவேண்டும்: உங்கள் ஆர்டருக்கு எந்த மாற்றமும் இல்லை என்று. இதை மறந்தால் அன்று இரவு போன் ஓயாது.

வாட்ஸ்அப் பிசினஸ் பயன்படுத்துபவர்கள் விடுமுறை நாள்களுக்குத் தானாகப் போகும் பதிலை முன்கூட்டியே வைக்கலாம். `Business tools` பகுதியில் `Away message` இருக்கும். அதில் `Custom schedule` தேர்ந்தெடுத்து நவம்பர் 7 மதியம் 2 மணியிலிருந்து நவம்பர் 11 காலை 10 மணி வரை கொடுங்கள். பதிலில் வாழ்த்து ஒரு வரி, திறக்கும் நாள் ஒரு வரி, இப்போது ஆர்டர் போட்டால் எப்போது கிடைக்கும் என்று ஒரு வரி. போதும்.

உண்மையிலேயே தாமதமானால்

இப்போது அந்தக் காலி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

நவம்பர் 3 செவ்வாய்க்கிழமை 40 பார்சலைக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மதியம் ஒவ்வொரு எண்ணையும் ட்ராக்கிங்கில் பார்க்கிறேன். 26 பார்சல் கூரியர் கிடங்கில் பதிவாகிவிட்டதாகக் காட்டுகிறது. 14 மட்டும் “எடுத்துக்கொள்ளப்பட்டது” என்ற நிலையிலேயே நிற்கிறது. என் அனுபவத்தில் இதுதான் அடையாளம். மறுநாள் மதியமாகியும் கிடங்கில் பதிவாகாத பார்சல் மூன்று நாளில் சேர்வது அபூர்வம்.

கூரியர் உதவி எண்ணில் மணிக்கணக்காகக் காத்திருப்பதற்கு முன்னால் அந்த 14 பேருக்கும் தனித்தனியாக எழுதிவிடவேண்டும். அவர்கள் கேட்பதற்கு முன் நாம் சொன்னால் அது தகவல். கேட்ட பிறகு சொன்னால் சாக்குப்போலத் தெரியும். நான் எழுதும் வடிவம் இது:

> வணக்கம். நீங்கள் ஆர்டர் செய்த 2 டின் முறுக்கு நேற்றுக் கிளம்பியது, ஆனால் கூரியர் கிடங்கில் இன்னும் பதிவாகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராமல் போகலாம். உங்களுக்கு எது வசதி என்று இன்று இரவு 9 மணிக்குள் சொல்லுங்கள்: (1) நாளை உங்களுக்காகப் புதிதாகப் பொரிக்கிறோம், வெள்ளிக்கிழமை மாலை 6 முதல் 9 மணிக்குள் நேரில் எடுக்கலாம், (2) முழுப் பணமும் இன்றே பேநவ்வில் திருப்பித் தருகிறோம். பதில் வராவிட்டால் உங்கள் டின்னைப் புதிதாகப் பொரித்து வைத்திருப்போம்.

என்ன ஆயிற்று, எதுவரை காத்திருக்கலாம், என்ன வழிகள், பதில் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நான்கும் இருக்கிறதா பாருங்கள். கடைசி வரி இல்லாமல் அனுப்பினால் பாதிப் பேர் வேலை நெருக்கடியில் பதிலே சொல்லமாட்டார்கள், நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். யார் தவறு என்று அதில் எழுதவில்லை. வாடிக்கையாளருக்கு அந்த நேரத்தில் அது வேண்டாம்.

அந்த 14 பேரும் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆளுக்கு இரண்டு டின் என்று 28 டின் ஆகும். வியாழக்கிழமை ஒரு நாளில் நம்மால் முடிவது 16. ஆகவே எட்டுப் பேருக்குத்தான் உறுதி சொல்ல முடியும். அதனால் செய்தியை ஒரே நேரத்தில் எல்லாருக்கும் அனுப்பாமல், நேரில் வர வசதியான ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கத்து எட்டுப் பேருக்கு இப்படியே அனுப்புகிறேன். தூரத்திலிருக்கும் ஆறு பேருக்கு முதல் வழியையும் கடைசி வரியையும் எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதுகிறேன். தாமதமாகப் பார்சல் வந்தால் அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். ஆறு பேருக்கு 12 டின் நஷ்டம்தான். அதைத் தாங்கும்படி விலை வைத்திருக்கிறேன்.

நம்முடையதல்லாத பண்டிகைக்கும் அறிவிப்பு வேண்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனப் புத்தாண்டுக்கு நாம் திறந்திருப்போம், ஆனால் டின் விற்கும் கடையும் அட்டைப்பெட்டிக் கடையும் மூடியிருக்கும். பல கடைகள் அரசு விடுமுறையைத் தாண்டியும் சில நாள் திறப்பதில்லை. 2027இல் அது பிப்ரவரி 6, 7, சனி ஞாயிறில் வருகிறது, 8ஆம் தேதி திங்களும் விடுமுறை. ஜனவரி கடைசி வாரத்திலேயே டின் வாங்கி வைத்துவிடுங்கள். “நாங்கள் திறந்திருக்கிறோம், ஆனால் பிப்ரவரி 5 வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரும் ஆர்டர்கள் 9 செவ்வாய்க்கிழமைதான் கிளம்பும்” என்று ஒரு வரி போடுங்கள். கடை திறந்திருக்கிறது என்பதால் பார்சலும் போகும் என்றே வாடிக்கையாளர் நினைப்பார்.

திறந்த அன்று

நவம்பர் 11 காலை முதல் வேலை அடுப்பு மூட்டுவதல்ல, அறிவிப்பைக் கழற்றுவது. ஸ்டேட்டஸ், முகப்புப் படம், ஃபேஸ்புக்கில் மேலே பொருத்திய பதிவு, தானியங்கிப் பதில் நான்கையும் பார்த்து எடுக்கவேண்டும். ஒரு வருஷம் முகப்புப் படத்தை மட்டும் மறந்துவிட்டு, கார்த்திகைக்குப் பொரி உருண்டை கேட்க நினைத்தவர்கள் கடை மூடியிருக்கிறது என்று திரும்பிப்போயிருக்கிறார்கள். டிசம்பரில்தான் ஒருவர் சொன்னார்.

பிறகு, விடுமுறையில் வந்த ஆர்டர்களை வந்த நேர வரிசையில் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் கிளம்பும் தேதியைப் போட்டு அனுப்புகிறேன். முதல் 16 டின் 12ஆம் தேதி, அடுத்த 16 டின் 13ஆம் தேதி. அதற்கு மேலிருப்பது 16ஆம் தேதி திங்கட்கிழமை. அது முடிந்ததும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், எத்தனை பேர் எந்தத் தேதியைத் தவறாகப் படித்தார்கள் என்று குறித்து வைக்கிறேன். அடுத்த வருஷ அறிவிப்பை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன்.